கறையை மறைக்கும் நிறம், அழுக்கைக் காட்டும் நிறம்
சிறு உணவகங்களுக்கான ஏப்ரனும் சீருடையும்

வாவிக்கரைக் கிராமங்களில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்கும்போது, அடுப்பு, பாத்திரம், மேசை, கதிரை எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவார்கள். உடுப்புக்கான கணக்கு கடைசியில்தான் வரும். மிஞ்சிய காசில் வெள்ளைச் சீலை வாங்கி ஆளுக்கு ஓர் ஏப்ரன் தைப்பார்கள். மூன்று மாதத்துக்குள் அது மஞ்சளும் கபிலமுமாகிவிடும். அடுத்த முறை "இனி வெள்ளையே வேண்டாம்" என்று கறுப்பு வாங்குவார்கள். முதலாவதில் சுத்தமாகத் தோய்த்த ஏப்ரனும் அழுக்காகத் தெரியும். இரண்டாவதில் ஒரு கிழமை தோய்க்காத ஏப்ரனும் சுத்தமாகத் தெரியும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

முன்பெல்லாம் சமையல் பின்னறையில் நடந்தது. சமைப்பவரின் உடுப்பை எவரும் பார்ப்பதில்லை. இப்போது வாடிக்கையாளர் கண்முன்னே றொட்டி தட்டுவதும் அப்பம் சுடுவதும் வழக்கமாகிவிட்டது. வட மாகாணத்தில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களையும், விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கடைகளையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சாப்பிட வருபவர் முதலில் பார்ப்பது சமைப்பவரின் நெஞ்சுப்பகுதியைத்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

கறை வேறு, அழுக்கு வேறு

நிறம் தெரிவு செய்யுமுன் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். நன்றாகத் தோய்த்த பின்னும் சீலையில் தங்கிவிடுவது கறை. மஞ்சள், மிளகாய்த்தூள் கலந்த எண்ணெய், தேத்தண்ணிச் சாயம், வாழைக்காய்க் கயர், கணவாய் மை ஆகியவை இந்த வகை. கறை இருக்கும் ஏப்ரன் பார்வைக்குத்தான் அசிங்கம்; நன்றாகத் தோய்த்திருந்தால் அதனால் நோய் வராது. தோய்த்தால் போய்விடுவது அழுக்கு. மா, தேங்காய்ப்பால், சோற்றுக் கஞ்சி, வியர்வை, மீன் சாறு ஆகியவை அந்த வகை. இவை சீலையில் தங்கினால் புளிக்கும், நாறும், கிருமி வளர்க்கும்.

ஆகவே நமக்கு வேண்டிய நிறம் கறையை மறைத்து அழுக்கைக் காட்டுவதாக இருக்க வேண்டும். கறுப்பு எல்லாவற்றையும் மறைக்கிறது, வெள்ளை எல்லாவற்றையும் காட்டுகிறது. நமக்கு ஏற்றது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

நமது கறைகளை நோக்குங்கள். அவை பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கபிலம் ஆகிய ஒரே குடும்ப நிறங்கள். நமது அழுக்கில் பெரும்பகுதி வெள்ளை. கறையின் குடும்பத்திலேயே ஒரு கடும் நிறத்தை எடுத்தால், கறை அதனுள் கரைந்துவிடும்; மாவும் தேங்காய்ப்பாலும் அதன்மேல் பளிச்செனத் தெரியும். அந்த நிறம் மெரூன், அல்லது கடும் செங்கல் நிறம். கறிச் சமையல் செய்யும் கடைக்கு இதற்கு நிகரான நிறம் இல்லை என்பது எனது கருத்து.

கபிலமும் அதே குடும்பம்தானே என்று கேட்கலாம். கபிலம், காக்கி, சாம்பல் ஆகியவற்றில் ஒரு குறை உண்டு. அழுக்குப் படிந்த எந்தச் சீலையும் தன் நிறத்தின் துலக்கத்தை இழந்து சாம்பலும் கபிலமுமாக மங்கும். அதனால் புதிதாகவே மங்கலான நிறத்தில் ஓர் ஏப்ரனைக் கட்டினால், பார்ப்பவர் கண் அதை அழுக்கு என்றே எடுத்துக்கொள்ளும். நிறம் கடுமையாகவும் துலக்கமாகவும் இருந்தால் சீலை சுத்தமாகத் தெரியும். மங்கல் நிறத்தை எத்தனை முறை தோய்த்தாலும் அந்தத் தோற்றம் வராது.

நீல நிறத்தை விரும்புபவர்கள் பலர். சமையலறையில் அது மஞ்சளுக்குச் சரிவராது. வெளிர் நீலத்தில் மஞ்சள் பட்டால் பாசி பிடித்ததுபோல் ஊத்தைப் பச்சையாகத் தெரியும். கடும் நீலமும் கறுப்பும் வேறொரு விதத்தில் தோற்கும். நமது வெயிலில் வியர்வை காய்ந்தால் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். அந்தக் கோடு முதுகிலும் அக்குளிலும் கடும் நிறத்தில்தான் எடுப்பாகத் தெரியும். ஏப்ரனில் அது பெரிய குறையல்ல, ஷேர்ட்டில் குறைதான். ஷேர்ட்டைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

வெள்ளை ஏன் இங்கே நிற்பதில்லை

பெரிய ஹோட்டல்களில் வெள்ளைதானே அணிகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். 2009 க்குப் பின் பாசிக்குடாவில் எழுந்த ஹோட்டல்களில் வேலை செய்து வந்த பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். அப்படிப்பட்ட இடங்களில் சலவைக்கென ஆளும் இயந்திரமும் இருக்கும்; வெள்ளையைச் சுடுநீரிலும் வெளிற்றும் மருந்திலும் போடலாம். நமது கடையில் தோய்ப்பது ஒரு வாளியும் கிணறும்தான்.

வாவியை அண்டிய பல கிணறுகளில் நீர் உவர். சில இடங்களில் இரும்புச் சத்தும் உண்டு. இதைச் சோதிக்க ஒரு வெள்ளை வாளியில் கிணற்று நீரை நிரப்பி, மூடாமல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் மேலே எண்ணெய்போல் ஏடும் அடியில் துருநிற மண்டியும் இருந்தால் அது இரும்பு. அந்த நீரில் வெள்ளையைத் தோய்த்தால் மெல்ல மெல்ல மஞ்சளாகும். அதைப் போக்க வெளிற்றும் மருந்து ஊற்றினால் இன்னும் மோசம். நீரில் கரைந்திருக்கும் இரும்பை அந்த மருந்து துருவாக மாற்றிச் சீலையிலேயே படிய வைத்துவிடும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரும் கடைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. கிணற்றை நம்பியிருப்பவர்கள் வெள்ளை ஏப்ரனை மறந்துவிடுவது நல்லது.

உவர் நீரும் கடின நீரும் கடும் நிறச் சீலைக்கும் ஒரு கெடுதி செய்யும். கட்டிச் சவர்க்காரம் அந்த நீரில் நுரைக்காமல் தயிர்போலத் திரண்டு சீலையில் ஒட்டும். காய்ந்தபின் மெரூன்மேல் வெள்ளைப் பூச்சாகத் தெரியும். தோய்த்த ஏப்ரன் தோய்க்காததுபோல இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கட்டிச் சவர்க்காரத்துக்குப் பதில் சலவைத் தூள் பாவியுங்கள். கடைசியாக அலசும் வாளியில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து விட்டால் பூச்சு கழன்றுவிடும்.

மஞ்சளைப் பற்றிச் சில வார்த்தைகள்

மஞ்சட்கறை பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டதும் அது சிவந்துவிடுவதைக் கண்டு பயந்து மேலும் மேலும் தேய்ப்பவர்கள் உண்டு. அது இரத்தமும் அல்ல, சீலை கெட்டதும் அல்ல. மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவப்பாகும், புளிப்பில் மீண்டும் மஞ்சளாகும். தேய்ப்பதால் அது போகாது, வெயிலில்தான் போகும். தோய்த்து, ஈரத்தோடு நேர் வெயிலில் விரித்தால், இரண்டு மூன்று நாளில் வெகுவாக வெளிறிவிடும். மிளகாயின் சிவப்பும் வெயிலில் மங்கும். வெளிர் நிறத் துடைப்புத் துணிகளுக்கு இதுவே மலிவான மருந்து. மெரூன் ஏப்ரனுக்கு அது தேவையில்லை, கூடவும் கூடாது. வெயில் மஞ்சளோடு சேர்த்துச் சீலையின் சாயத்தையும் தின்றுவிடும். ஏப்ரனை உட்புறம் வெளியே வரத் திருப்பி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் காயப் போடுங்கள்.

மீன் வெட்டுபவருக்கு வேறு நிறம்

மெரூனில் உள்ள பெரிய குறை இரத்தத்தை மறைப்பதுதான். அறுவைச் சிகிச்சை அறைகளில் வெள்ளையை விட்டுப் பச்சைக்கு மாறியதில், இரத்தம் அதன்மேல் கண்ணை உறுத்தாமல் தெரியும் என்பதும் ஒரு காரணம். வைத்தியரின் கண்ணுக்கு அது உதவி. நமது மீன் வெட்டும் இடத்தில் அதே மறைப்பு தீமை. பச்சை மீனின், இறாலின் சாறு பட்ட ஏப்ரனோடு ஒருவர் சம்பல் அரைக்கப் போனால் சமைக்காத மீனின் கிருமி சமைத்த உணவுக்குப் போய்விடும். மெரூன் ஏப்ரனில் அந்தச் சாறு எவர் கண்ணிலும் படாது.

ஆகவே மீன், இறால், நண்டு, கணவாய், இறைச்சி வெட்டுபவருக்கு வெளிர் நிறப் பிளாஸ்ரிக் ஏப்ரன் கொடுங்கள். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் போதும். இதில் கறை ஊறாது. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீர், பிறகு சலவைத் தூள் கரைசல் என்று கழுவி மாட்டலாம். (சீலையில் இரத்தம் பட்டாலும் முதலில் குளிர்ந்த நீர்தான். சுடுநீர் இரத்தத்தை வேகவைத்துச் சீலையில் பிடிக்கச் செய்துவிடும்.) அந்த ஏப்ரன் வெட்டும் மேசைக்கு அருகே உள்ள ஆணியிலேயே தொங்க வேண்டும். வெளிர் ஏப்ரன் அடுப்படியில் நடமாடுவதைக் கண்டால் எவரும் உடனே கேட்கலாம். பிளாஸ்ரிக் ஏப்ரனோடு அடுப்பண்டை போகக் கூடாது என்பதற்கு நெருப்பும் ஒரு காரணம்.

பரிமாறுபவரும் காசு வாங்குபவரும்

இவர்கள்மேல் விழுவது ஒன்றிரண்டு துளி குழம்பும், பிளேன் ரீயும், நிறைய வியர்வையும். ஏப்ரன் சமையலறையில் உள்ள அதே மெரூனாக இருக்கட்டும். ஒரே சுருளில் வெட்டினால் மலிவு, கடைக்கும் ஓர் அடையாளம். உள்ளே போடும் ஷேர்ட் அல்லது சுடிதார் மேற்சட்டை வெளிர் நிறத்தில் சிறு கட்டம் போட்டதாக இருப்பது நல்லது. வெளிர் நிறத்தில் வியர்வை உப்பின் கோடு தெரியாது. தனி வெளிர் நிறத்தில் ஒரு துளி குழம்பு தனித்து நிற்கும். சிறு கட்டத்தில் அதன் ஓரம் கட்டங்களோடு குழம்பிக் கண்ணுக்குத் தப்பும். மேல்நாட்டுச் சமையற்காரர் அணியும் கறுப்பு வெள்ளைச் சிறு கட்டக் காற்சட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கட்டம் கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிய கட்டத்தில் கறை ஒரு கட்டத்துக்குள் முழுதாக உட்கார்ந்து இன்னும் நன்றாகத் தெரியும்.

முக்காடு போடும் சகோதரிகளுக்குத் தலைத்துணியும் மற்றவர்களுக்குத் தலைக்கட்டும் அதே மெரூனில் வெட்டினால் எல்லோரும் ஒரே சீருடையில் இருப்பார்கள். ஏப்ரன் ஓரத்தில் வெள்ளைக் கரை வைத்துத் தைப்பது அழகுதான், ஆனால் வேண்டாம். முதல் தோய்ப்பிலேயே மெரூன் சாயம் வெள்ளைக்குள் ஊறி றோசாவாகும். பிறகு அது சாம்பலாகும். முழு ஏப்ரனும் பழசாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது நாட்டில் நிறங்களுக்குக் கட்சி உண்டு. தனிப் பச்சை ஐக்கிய தேசியக் கட்சியையும் தனி நீலம் சுதந்திரக் கட்சியையும் நினைவூட்டும். மெரூனுக்கும் சொந்தக்காரர் உண்டு. ஏப்ரனைப் பார்த்து எவரும் வாக்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் தேர்தல் காலத்தில் எல்லோரும் தனி நிற ஷேர்ட்டில் வரிசையாக நின்றால் பகிடிக்காவது பேசுவார்கள். கட்டம் போட்ட ஷேர்ட் அதற்கும் உதவும்.

வாங்குமுன் ஒரு சோதனை

கடையில் சொல்வதை நம்பி முழுச் சுருளையும் வாங்க வேண்டாம். பிடித்த நிறங்களில் கால் யார் வீதம் வாங்குங்கள். பருத்தியாகவே இருக்கட்டும். பொலியெஸ்ரர் கலந்தது எண்ணெயை விடாது. நெருப்பில் உருகித் தோலில் ஒட்டவும் செய்யும். மருதமுனை, காத்தான்குடிப் பக்கம் கைத்தறிச் சீலை வாங்குபவர்கள், நூலுக்கே சாயம் போட்டு நெய்ததா என்று கேட்டு வாங்குங்கள். மேலே அச்சடித்த நிறம் தேய்ந்து போகும்.

ஒவ்வொரு துண்டிலும் ஐந்து பொட்டு வையுங்கள். சூடான தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள், உங்கள் கடையின் மீன் குழம்பு, பிளேன் ரீ, வாழைக்காய்க் கயர், தேங்காய்ப்பாலில் குழைத்த மா. ஓர் இரவு விட்டு, உங்கள் கிணற்று நீரிலேயே, வழமையாகத் தோய்ப்பதுபோலத் தோய்த்துக் காயப் போடுங்கள். பிறகு துண்டுகளைக் கடைக்குள் கொண்டுபோய், இரவில் எரியும் அதே விளக்கின் கீழ் சுவரில் மாட்டி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். வெயிலில் அழகாய் இருக்கும் மெரூன் சில வெள்ளை விளக்குகளின் கீழ் கறுப்பாகத் தெரியும். அப்படியானால் ஒரு படி வெளிறிய செங்கல் நிறத்துக்குப் போங்கள். கயரின் கபிலப் பொட்டு எந்தச் சீலையிலும் முழுதாகப் போகாது. மெரூனில் அது தேடினால்தான் தெரியும். மாப் பொட்டு தோய்ப்பதற்கு முன் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தோய்த்த பின் இல்லாமல் போயிருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் அந்த நிறம் தேறிவிட்டது.

சாயம் நிற்குமா என்று பார்க்க, ஒரு துண்டைச் சலவைத் தூள் கரைசலில் நனைத்து, வெள்ளைத் துணி இரண்டுக்கு நடுவில் வைத்து, அம்மியை மேலே ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். வெள்ளையில் றோசா படிந்தால் அந்தச் சீலை வேண்டாம். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயம் சரியாக ஏறாத சீலையை உப்பு திருத்தாது. இன்னொரு துண்டின் பாதியைப் பலகையால் மூடி இரண்டு கிழமை வெயிலில் வைத்தால், எவ்வளவு வெளிறும் என்பதும் தெரிந்துவிடும்.

எத்தனை வேண்டும்?

நான்கு பேர் வேலை செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். இருவர் சமையல், ஒருவர் மீனும் மரக்கறியும் வெட்டிப் பாத்திரம் கழுவுபவர், ஒருவர் பரிமாறிக் காசு வாங்குபவர். நிறம் கறையை மறைப்பதால் ஏப்ரனைக் கண்ணால் பார்த்து மாற்ற முடியாது. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். காலையில் ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொன்று. இன்று கட்டுவது இரண்டு, நேற்றுத் தோய்த்துக் காய்வது இரண்டு. ஆக ஒருவருக்கு நான்கு. சமைப்பவர் இருவருக்கும் பரிமாறுபவருக்கும் பன்னிரண்டு. கார்த்திகை முதல் தை வரை மாரி மழையில் ஒரு நாளில் காயாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் கரும்பூஞ்சணப் பொட்டு விழும். அது எந்த மருந்துக்கும் போகாது. ஆகவே கையிருப்பாக நான்கு சேர்த்துப் பதினாறு. வெட்டுபவருக்குப் பிளாஸ்ரிக் ஏப்ரன் இரண்டு.

முப்பத்தாறு அங்குல அகலச் சீலையில் ஏப்ரனுக்கு ஒரு யார். முப்பது அங்குல அகலத்துக்கு வெட்டினால் பக்கத்தில் மிஞ்சும் துண்டு பரிமாறுபவரின் பைக்கு உதவும். சமைப்பவருக்குப் பை வேண்டாம்; மாவும் துருவலும் சேர்ந்து புளிக்கும். பருத்தி முதல் தோய்ப்பில் யாருக்கு இரண்டு அங்குலம்வரை சுருங்கலாம் என்பதால் வெட்டுமுன் நனைத்துக் காயவைக்க வேண்டும். பதினாறு யாருக்குப் பதினேழு வேண்டும். ஒட்டுப்போட ஒன்று சேர்த்துப் பதினெட்டாக வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே நிறத்தில் வாங்கப் போனால் சாயத்தொட்டி மாறியிருக்கும். பழையதும் புதியதும் பக்கத்தில் நின்றால் பழையது ஊத்தையாகத் தெரியும்.

கழுத்து நாடாவை இரண்டு நிறத்தில் தையுங்கள். எட்டு ஏப்ரனுக்கு நீல நாடா, எட்டுக்கு மஞ்சள் நாடா. நீலம் காலைக்கு, மஞ்சள் மாலைக்கு. ஐந்து மணிக்கு நீல நாடாவோடு எவராவது நின்றால், அவர் ஏப்ரன் மாற்றவில்லை என்பது வாசலிலேயே தெரியும்.

கடைசியாக, கை துடைக்கும் துணி. ஏப்ரனில் அதிகம் ஊத்தையாகும் இடம் இடுப்பின் இரு பக்கமும்தான், கை தானாக அங்கே போவதால். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சிறு துணி செருகி இருக்கட்டும். அதை மட்டும் வெளிர் நிறத்தில் வையுங்கள். பழைய வேட்டியைக் கிழித்ததும் போதும். அது ஊத்தையாவது எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு மாற்றி, இரவில் சலவைத் தூள் போட்டு அவித்து, காலையில் வெயிலில் விரித்தால் மஞ்சளும் போய்விடும். இரும்பு நீர் உள்ள இடத்தில் அவை மெல்லத் துருநிறமாகும். பழந்துணிதானே, எறிந்துவிட்டு வேறு கிழித்துக்கொள்ளலாம்.